28 பக்க முன்மொழிவு ஒரு பக்கமாகும்போது எது மிஞ்ச வேண்டும்?

"மண்சரிவு எச்சரிக்கை தோட்ட லயன் வீடுகளுக்கு எப்படிப் போய்ச் சேருது, சேர்ந்தும் சனம் ஏன் வெளியேறுறதில்ல என்று பதுளை மாவட்டத்தில் ஆய்வு செய்ய 28 பக்கத்தில் முன்மொழிவு எழுதி வைத்திருக்கிறேன். டோனர் முதல் தெரிவுக்கு ஒரே ஒரு பக்கம் கொன்செப்ட் நோட் கேட்கிறார்கள். வெட்டி வெட்டிப் பார்த்தேன், நாலு பக்கத்துக்குக் கீழே வரவில்லை. மேற்பார்வையாளர் வேறு, கோட்பாட்டுப் பகுதியை விடவே கூடாது என்கிறார். எதை விடுவது சேர்? முன்மொழிவை இணைத்திருக்கிறேன்."

முழுதையும் வாசித்தேன். நாலு பக்கத்தில் நின்றுபோனதற்குக் காரணம், அதே கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டுகிறீர்கள். ஒவ்வொரு பந்தியையும் பாதியாக்கினால் 28 பதினாலாகும், பதினாலு ஏழாகும், நாலோடு நின்றுவிடும். அந்த நாலிலும் எல்லாத் தலைப்பும் இருக்கும், ஒன்றிலும் உயிர் இருக்காது. முழு முன்மொழிவு "இந்த ஆய்வை ஒழுங்காகச் செய்ய முடியுமா?" என்ற கேள்விக்குப் பதில். கொன்செப்ட் நோட் "இவர்களிடம் முழு முன்மொழிவு கேட்கலாமா?" என்ற கேள்விக்குப் பதில். கேள்வியே வேறு. அதனால் பழைய கோப்பை மூடிவிட்டு வெற்றுப் பக்கத்தில் தொடங்குங்கள். இலக்கம் ஏதும் தேவைப்பட்டால் மட்டும் திறந்து பாருங்கள்.

முதல் தெரிவில் யார் வாசிக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும். முதலில் டோனரின் திட்ட அலுவலர் ஒருவர், நீங்கள் விண்ணப்பிக்கத் தகுதியானவரா, கேட்ட தொகை வரம்புக்குள் இருக்கிறதா, பக்க அளவை மீறவில்லையா என்று பார்ப்பார். அதில் தப்பினால் இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்களிடம் போகும். அதில் ஒருவருக்கு மண்சரிவு தெரிந்திருக்கலாம். இன்னொருவர் பொதுச் சுகாதாரக்காரராகவோ பொருளியல்காரராகவோ இருப்பார். கையில் ஒரு கட்டு நோட்டும் ஒரு புள்ளித்தாளும் இருக்கும். அழைப்புக்குப் பொருந்துகிறதா, கேள்வி தெளிவா, இவர்களால் முடியுமா, காசு நியாயமா என்று நாலைந்து கட்டங்கள். நானும் அப்படியான மேசைகளில் இருந்திருக்கிறேன். தலைப்பையும் முதல் நாலு வரியையும் வாசிக்கும்போதே இது எந்தப் பக்கம் போகும் என்று மனது ஏறக்குறைய முடிவு செய்துவிடும். மிச்சத்தை வாசிப்பது அந்த முடிவைச் சரிபார்க்கத்தான். அப்புறம் கூடிக் கதைக்கும்போது யாருக்கும் உங்கள் பெயர் நினைவிருக்காது. "அந்த, எச்சரிக்கை வந்தும் மலையிலிருந்து இறங்காத பொம்பிளைகள் பற்றிய நோட்" என்று யாராவது ஒருவர் சொல்லக்கூடியதாக இருந்தால் அது மேசையில் நிற்கும்.

இப்போது உங்களுடையதைப் பார்ப்போம். முன்மொழிவு, இலங்கை இயற்கை அனர்த்தங்களுக்கு உள்ளாகும் ஒரு தீவு என்று தொடங்குகிறது. பிறகு காலநிலை மாற்றம், பிறகு பெருந்தோட்ட வரலாறு, தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்த கதை, லயன் வீடுகளின் அமைப்பு. ஆறாம் பக்கத்தில்தான் எச்சரிக்கை என்ற சொல்லே வருகிறது. இதில் பிழையான வரி ஒன்றுமில்லை. ஆனால் இதே ஆறு பக்கத்தைத் தோட்டப் பாடசாலை இடைவிலகல் பற்றிய முன்மொழிவுக்கும் முன்னால் ஒட்டலாம். அப்படி எங்கேயும் ஒட்டக்கூடியது எதுவும் ஒரு பக்கத்தில் இருக்கக்கூடாது.

உங்களுடைய உண்மையான ஆய்வு 19ஆம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. முன்னோட்டமாக 14 குடும்பங்களோடு கதைத்ததை 'ஆரம்ப அவதானங்கள்' என்று அரைப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அதில் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா சொன்னது இருக்கிறது. காலை பத்து மணிபோல மகன் போன் பண்ணி எச்சரிக்கை வந்திருப்பதாகச் சொல்கிறான். அவர் மலையில் நிற்கிறார். அந்த நேரம் இறங்கினால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம்தான். கங்காணி ஒன்றும் சொல்லவில்லை, கங்காணிக்கு ஆபீசிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதனால் பின்னேரம் கொழுந்து நிறுத்துவரை நின்றுவிட்டுத்தான் வந்தார். இந்த ஐந்து வாக்கியம் உங்கள் முதல் ஆறு பக்கத்தைவிடப் பெறுமதியானது. எச்சரிக்கை காதில் விழுவதற்கும் கால் நகர்வதற்கும் நடுவில் என்ன நிற்கிறது என்பது இதில் தெரிகிறது: சம்பளம், அதிகார வரிசை, யார் சொன்னால் நம்புவது என்ற கேள்வி.

ஆகவே பிரச்சினைப் பந்தியை இங்கிருந்து கட்டுங்கள். பின்னணிக்குத் தேவையானவை இரண்டே விஷயம்தான். ஒன்று, எச்சரிக்கை எப்படி வெளியாகிறது என்பது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வைத்து மூன்று மட்டங்களில் எச்சரிக்கை விடுகிறது: விழிப்பாக இருங்கள், தயாராகுங்கள், வெளியேறுங்கள். அது பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக வரும். ஒரு பிரிவுக்குள் எத்தனையோ தோட்டங்களும் கிராமங்களும் இருக்கின்றன. தன் லயனுக்கு மேலே உள்ள சரிவுதான் அதில் சொல்லப்பட்டதா என்று ஒரு குடும்பத்துக்குத் தெரிய வழியில்லை. இரண்டாவது, மீரியபெத்த. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைப் பக்கம் அந்தத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போனதும், அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் முன்கூட்டியே அறிவுறுத்தப்பட்டிருந்ததும் எல்லோரும் அறிந்தது. இந்த ஒரு உதாரணம் போதும். அனர்த்தங்களின் பட்டியல் போடாதீர்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போகிறீர்கள், ஆனால் வாக்கியங்களின் வரிசை இதுவாக இருக்கட்டும்:

"பதுளை மாவட்டத்தில் கடும் மழை பெய்யும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. ஆனால் தோட்டக் குடும்பங்கள் பல நேரங்களில் வெளியேறுவதில்லை. 2014இல் மீரியபெத்தயில் லயன்கள் புதையுண்டபோது, அந்த இடத்தின் ஆபத்து பற்றி 2005இலும் 2011இலும் முன்பே அறிவுறுத்தப்பட்டிருந்தது. நாங்கள் 14 குடும்பங்களோடு நடத்திய முன்னோட்ட உரையாடலில், எச்சரிக்கையைக் கேள்விப்பட்டவர்களும் வேலைத்தலத்தை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் அரைநாள் சம்பளம் போகும், தோட்ட அலுவலகம் சொல்லாத தகவலை நம்பி நடக்க முடியாது என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். எச்சரிக்கை வெளியான நேரத்துக்கும் லயனில் முடிவு எடுக்கப்படும் நேரத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது பதிவு செய்யப்படுவதில்லை."

ஆறே வாக்கியம்தான். யார் வாசித்தாலும் விளங்கும். கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். உங்கள் முன்மொழிவில் அந்த இடத்தில் "இதுவரை எவரும் இதனை ஆராயவில்லை" என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். மேசையில் இருக்கும் ஒருவருக்கு ஒரே ஒரு கட்டுரை ஞாபகம் வந்தால் போதும், உங்கள் மீதுள்ள நம்பிக்கை அத்தோடு சரி. பதிவு செய்யப்படுவதில்லை என்பது வேறு வகையான கூற்று. அதை நீங்கள் களத்தில் பார்த்துச் சொல்கிறீர்கள், உங்கள் முறையும் அந்த இடைவெளியைத்தான் நிரப்பப்போகிறது. ஒன்பது பக்க இலக்கிய மீளாய்வு இந்தப் பந்திக்குள் கரைந்துவிட்டது. தனியாக ஒரு வரியும் வேண்டாம்.

அடுத்தது கேள்வி. ஐந்து நோக்கங்களும் ஒன்பது உபகேள்விகளும் வைத்திருக்கிறீர்கள். நோட்டில் ஒரு கேள்விதான் இருக்கலாம்: "ஒரு மண்சரிவு எச்சரிக்கை வெளியானதிலிருந்து, யார் யார் கைவழியாக, எவ்வளவு தாமதத்தோடு லயனுக்கு வருகிறது, வந்த பிறகு வெளியேறுவதா இல்லையா என்பதை எது தீர்மானிக்கிறது?" உங்கள் முதலாம், இரண்டாம் நோக்கங்கள் இதற்குள் வந்துவிடும். மூன்றாவது ஆபத்து வரைபடம். அதை வரைய ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் குழுவில் புவியியலாளர் இல்லை, விடுங்கள். ஐந்தாவது கொள்கைப் பரிந்துரை. அது ஆய்வின் விளைவே தவிர நோக்கமல்ல.

நாலாவதுதான் எனக்கு உறுத்துகிறது: தமிழில் எச்சரிக்கை தரும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை உருவாக்குவது. டோனர்களுக்குச் செயலி பிடிக்கும் என்று யாரோ சொல்லித்தான் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் உங்கள் முன்னோட்டத்தின்படி தகவல் மலைக்குப் போனிலேயே வந்துவிட்டது. தகவல் வராதது பிரச்சினை அல்ல என்று 19ஆம் பக்கம் சொல்கிறது, தகவல் அனுப்ப ஒரு கருவி செய்வேன் என்று 22ஆம் பக்கம் சொல்கிறது. 28 பக்கத்தில் இந்த முரண் மறைந்துகிடக்கும். ஒரு பக்கத்தில் பத்து வரி இடைவெளியில் இரண்டும் நிற்கும்போது பளிச்சென்று தெரியும். அதோடு, திட்டம் முடிந்தபின் செயலியை யார் பராமரிப்பார்கள் என்ற கேள்வியும் வரும், அதற்குப் பதில் எழுத இடமும் இல்லை.

சரி, முறைக்கு வருவோம். பக்கத்தில் ஆகக் கூடிய இடம் இதற்குத்தான். முதல் தெரிவில் அதிகமான நோட்டுகள் விழுவதும் இங்கேதான். 'கலப்பு முறை ஆய்வு, குவியக் குழுக் கலந்துரையாடல், ஆழமான நேர்காணல், கருப்பொருள் பகுப்பாய்வு' என்று முறைகளின் பெயரை அடுக்கினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. யார், எங்கே, எப்போது, எத்தனை பேரிடம், என்ன கேட்பார்கள் என்று எழுதினால் முறையின் பெயரே தேவைப்படாது.

ஆனால் அப்படி வெளிப்படையாக எழுதும்போது கணக்கும் வெளிப்படும். உங்கள் திட்டத்தில் இரண்டு கணக்கு இடிக்கிறது. முதலாவது காலம். ஜனவரியில் தொடங்கி மார்ச்சிலிருந்து ஜூலைவரை களப்பணி என்று போட்டிருக்கிறீர்கள், பல்கலைக்கழக நாட்காட்டிக்கு அது வசதியாக இருக்கும். பதுளையில் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை. ஏப்ரலில் கொஞ்சம் பெய்யும், அப்புறம் தென்மேல் பருவக்காற்று மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் கொட்டும்போது ஊவாச் சரிவு காய்ந்துகொண்டிருக்கும். ஜூலை, ஓகஸ்ட் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிறது என்பது தோட்டத்தில் பிறந்த உங்களுக்குத் தெரியாததல்ல. எச்சரிக்கையை அது நடக்கும்போதே பின்தொடர்வேன் என்று சொல்லும் ஆய்வு, எச்சரிக்கை அரிதாக வரும் மாதங்களில் களத்தில் நிற்கிறது. மேசையில் மலைநாடு தெரிந்த ஒருவர் இருந்தால் இதோடு கதை முடிந்தது. ஒக்டோபர் முதல் ஜனவரிவரை என்று மாற்றுங்கள். அதற்கு முந்திய மாதங்களை அனுமதி, பயிற்சி, அறிமுகம் ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஆட்கணக்கு. 10 தோட்டப் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 20 குடும்பங்கள், எச்சரிக்கை வந்து 48 மணி நேரத்துக்குள் நேர்காணல், இரண்டு ஆய்வு உதவியாளர்கள். மொத்தம் 200 நேர்காணல். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50. ஹப்புத்தளை ரோட்டில் இறங்கி லயனுக்கு ஏறிப் போகவே ஒரு மணித்தியாலம் எடுக்கும் இடங்களில் இது நடக்காத காரியம். முழு முன்மொழிவில் இந்த நாலு எண்களும் நாலு வேறு பக்கங்களில் இருந்தபடியால் உங்களுக்கும் மேற்பார்வையாளருக்கும் படவில்லை. இன்னொன்றும் இருக்கிறது: எச்சரிக்கை அமுலில் இருக்கும் நேரத்தில் அதே சரிவுக்கு உதவியாளர்களை அனுப்பப் போகிறீர்களா? எந்த ஒழுக்கநெறிக் குழுவும் இதைக் கேட்கும்.

குறைத்துப் பார்ப்போம். 6 பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 6 குடும்பங்கள். ஒரு எச்சரிக்கைக்கு 36 நேர்காணல். எச்சரிக்கை நீங்கியபின் 72 மணி நேரம் என்று வைத்தால், இரண்டு பேருக்குத் தலா நாளுக்கு ஆறு. கஷ்டம்தான், ஆனால் முடியும். பருவத்தில் நாலு எச்சரிக்கைகளைப் பின்தொடர்ந்தால் 144 நேர்காணல். 200ஐவிட இது சின்ன எண் என்று தயங்காதீர்கள், செய்து முடிக்கக்கூடிய எண்ணைப் பார்த்தால் மதிப்பீட்டாளருக்கு உங்கள் மீது நம்பிக்கை கூடும். முறைப் பந்தி இப்படி வரும்:

"ஹல்துமுல்லை, பசறை பிரதேச செயலாளர் பிரிவுகளில் 6 தோட்டப் பிரிவுகளைத் தெரிவு செய்வோம். ஒவ்வொன்றிலும் லயனில் வசிக்கும் இருவர் (மொத்தம் 12 பேர், பாதிப்பேர் பெண்கள்) பயிற்சி பெற்று, ஒக்டோபர் முதல் ஜனவரிவரை வரும் ஒவ்வொரு எச்சரிக்கையும் கிராம உத்தியோகத்தர், தோட்ட அலுவலகம், வேலைத்தலம், லயன் ஆகிய நான்கு இடங்களுக்கு வந்த நேரத்தையும் கொண்டுவந்தவரையும் குறித்து வைப்பார்கள். இரண்டாம் மட்டத்திலும் அதற்கு மேலும் உள்ள முதல் நான்கு எச்சரிக்கைகளில், அது நீங்கிய 72 மணி நேரத்துக்குள் பிரிவுக்கு 6 குடும்பங்களோடு (மொத்தம் 144 நேர்காணல்) என்ன கேட்டார்கள், யாரோடு கதைத்தார்கள், என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்போம். பருவத்தில் நான்கு எச்சரிக்கை வராவிட்டால், முந்திய பருவங்களின் எச்சரிக்கைத் திகதிகளை வைத்து அதே கேள்விகளால் மீட்டெடுப்போம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை எப்பாடுபட்டாவது வைத்துக்கொள்ளுங்கள். மழை உங்கள் கையில் இல்லை. மழை பொய்த்தால் என்ன செய்வீர்கள் என்று வாசிப்பவர் நினைக்கும் அதே கணத்தில் பதில் வந்துவிடுகிறது. உங்கள் முன்மொழிவில் 'இடர்களும் தணிப்பும்' என்று ஒரு பக்க அட்டவணை இருக்கிறது, அதில் 'அரசியல் உறுதியின்மை' கூட இருக்கிறது, மழை இல்லை. அட்டவணையை விட்டுவிட்டு இந்த ஒரு வரியைப் போடுங்கள்.

அனுமதி விஷயம் முழு முன்மொழிவில் பின்னிணைப்பில் கிடக்கிறது. நோட்டில் அது மேலே ஏற வேண்டும், ஏனென்றால் தோட்டத்துக்குள் ஆய்வு என்றால் மதிப்பீட்டாளருக்கு வரும் முதல் சந்தேகமே உள்ளே விடுவார்களா என்பதுதான். கம்பனியின் தலைமை அலுவலகத்திடம் கேட்டிருக்கிறீர்களா, தோட்ட முகாமையாளரிடம் கேட்டிருக்கிறீர்களா, எதில் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இரண்டு தோட்டங்களில் எழுத்தில் சம்மதம் கிடைத்திருக்கிறது என்று இணைப்பில் பார்த்தேன். 'இரண்டு தோட்டங்களின் எழுத்துச் சம்மதம் கையில் உண்டு, மற்றவற்றோடு கதைத்துக்கொண்டிருக்கிறோம்' என்றால் போதும். 'எல்லாத் தோட்டங்களும் ஒத்துழைக்கும்' என்று எழுதினால் தோட்டம் தெரிந்தவர் சிரிப்பார்.

ஆனால் துரையின் சம்மதம் ஒரு பக்கத்தைத் திறந்தால் இன்னொரு பக்கத்தை அடைத்துவிடும். ஆபீஸ் அனுப்பிய ஆட்கள் என்று லயனில் நினைத்துவிட்டால், அரைப் பேர் போகும் என்பதற்காக இறங்கவில்லை என்று யார் உங்களிடம் சொல்லப்போகிறார்கள்? ஆகவே இன்னொரு வாக்கியம் வேண்டும்: நேர்காணலுக்கு ஆட்களைக் கங்காணி மூலமோ அலுவலகம் மூலமோ தெரிவு செய்யமாட்டோம், நேர்காணல் வேலை நேரத்துக்கு வெளியே வீட்டில் நடக்கும், தோட்டத்தின் பெயர் அறிக்கையில் வராது. ஒழுக்கநெறி பற்றி நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தைவிட இந்த ஒரு வாக்கியம், இந்த இடத்தை நீங்கள் அறிந்தவர் என்பதைக் காட்டிவிடும். குழுவைப் பற்றியும் இதே பந்தியில் இரண்டு வரி போதும்: யார் இதற்கு முன் தோட்டங்களில் களப்பணி செய்தவர், யார் எந்த மொழியில் நேர்காணல் செய்வார். பட்டங்களின் பட்டியல் வேண்டாம்.

விளைவு என்ற பகுதியில் 'விழிப்புணர்வு அதிகரிக்கும்', 'கொள்கை வகுப்பாளர்களுக்குத் தகவல் கிடைக்கும்' என்று இருக்கிறது. இரண்டையும் எடுங்கள். உங்கள் ஆய்வே, விழிப்புணர்வு இருந்தும் நடக்கவில்லை என்று சொல்கிறது, பிறகு எப்படி அதையே விளைவாக வைப்பது? முடிவில் யார் கையில் என்ன இருக்கும் என்று எழுதுங்கள். எச்சரிக்கை எந்தக் கையில் எவ்வளவு நேரம் தங்கியது என்பதை ஒவ்வொரு பிரிவுக்கும் காட்டும் ஒரு தாமதப் பதிவு வரும். அதை வைத்துக்கொண்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகம், மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, தோட்ட முகாமைத்துவம், தொழிற்சங்கத் தோட்டத் தலைவர்கள் ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்தி, எச்சரிக்கை நாளில் வேலையை நிறுத்தும் முடிவு யாருடையது, அன்றைய பேர் என்னாகும் என்ற இரண்டு கேள்விகளை வைக்கப்போகிறீர்கள். அவர்கள் உடன்படுவார்கள் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கேள்வியை ஆதாரத்தோடு வைப்பதுவரைதான் உங்கள் பொறுப்பு.

காசுக்கு இரண்டு வரிதான். மொத்தம், காலம், எங்கே போகிறது. உங்கள் எண்களைப் புதிய திட்டத்துக்கு ஏற்ப மாற்றிப் பார்த்தேன். 18 மாதத்துக்கு இரண்டு உதவியாளர்கள், மாதம் 90,000 ரூபாப்படி 32.4 இலட்சம். பயணம் 9 இலட்சம். லயன் பதிவாளர்கள் 12 பேருக்குப் பயிற்சி மாதத்தையும் சேர்த்து ஐந்து மாதத்துக்கு, மாதம் 8,000 ரூபாப்படி 4.8 இலட்சம். எழுத்தாக்கமும் மொழிபெயர்ப்பும் 4.8. கூட்டங்களும் அறிக்கையும் 4. பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பங்கு 5. மொத்தம் 60 இலட்சம். நோட்டில் மொத்தத்தையும், பாதிக்கு மேல் களத்தில் நிற்கும் ஆட்களுக்குப் போகிறது என்பதையும், பதிவாளர்களுக்கு ஊதியம் உண்டு என்பதையும் சொன்னால் போதும். அந்தக் கடைசி விஷயத்தை விடாதீர்கள். சம்பளத்தை இழக்க முடியாததால் இறங்காதவர்கள் பற்றிய ஆய்வில் லயன் ஆட்களிடம் இலவசமாக வேலை வாங்கினால் நன்றாக இருக்காது. கேட்கும் தொகை டோனரின் உச்சவரம்புக்குள் இருக்கிறதா என்பதை அழைப்பை மறுபடி திறந்து பாருங்கள். சில இடங்களில் நிர்வாகப் பங்கே அனுமதியில்லை.

அளவைப் பற்றி: ஏ4 தாளில் 11 புள்ளி எழுத்தில் சாதாரண ஓரத்தோடு ஆங்கிலத்தில் ஏறக்குறைய 500 சொல் பிடிக்கும். அதில் முறைக்கு 150 கொடுத்தாலும் தப்பில்லை, பிரச்சினைக்கு 110, மற்றவை மிச்சத்தில் அடங்க வேண்டும். ஓரத்தைச் சுருக்கி, எழுத்தை 9 ஆக்கி 800 சொல்லை அடைக்காதீர்கள். அழைப்பில் எழுத்தளவு குறிப்பிட்டிருந்தால் திட்ட அலுவலர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், குறிப்பிடாவிட்டாலும் வாசிப்பவருக்கு எரிச்சல் வரும். தலைப்பில் இடமும் கேள்வியும் இருக்கட்டும். இப்போதுள்ள மூன்று வரித் தலைப்பில் 'மீள்திறன்' இரண்டு தடவை வருகிறது, லயன் ஒரு தடவையும் வரவில்லை. 'எச்சரிக்கை லயனை அடையும்போது: பதுளைத் தோட்டங்களில் மண்சரிவு எச்சரிக்கையின் தாமதமும் வெளியேறும் முடிவும்' என்பதுபோல ஏதாவது வையுங்கள்.

எழுதி முடித்ததும் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுங்கள். பாடசாலை ஆசிரியரோ வங்கியில் வேலை செய்பவரோ யாராயினும் சரி. இரண்டு நிமிடத்தில் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, என்ன ஆய்வு, எங்கே, எத்தனை பேரிடம், எவ்வளவு காசு என்று கேளுங்கள். அவர் தடுமாறும் கேள்விக்குரிய பந்தியை மறுபடி எழுதுங்கள். 'நல்லாயிருக்கு' என்று சொன்னால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

வெட்டியதை எல்லாம் வைத்திருங்கள், இரண்டாம் சுற்றில் கேட்பார்கள். ஆனால் இப்போதே முழு முன்மொழிவிலும் 10ஐ 6 ஆக, 200ஐ 36 ஆக, மார்ச்சை ஒக்டோபராக மாற்றிவிடுங்கள். நோட்டில் ஒரு எண், முழு முன்மொழிவில் இன்னொரு எண் என்று வந்து விழுந்த விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். தெரிவான செய்தி வந்த பிறகு அவசர அவசரமாகத் திருத்தும்போதுதான் அது நடக்கும்.

கடைசியாக மேற்பார்வையாளர். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. கோட்பாடு இல்லாவிட்டால் இது ஆய்வா, அல்லது ஒரு கணக்கெடுப்பா என்று மேசையில் ஒருவர் கேட்கக்கூடும். ஆனால் ஏழு பக்கக் கோட்பாட்டுச் சட்டகம் இங்கே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: குடும்பம் தனியாக ஆபத்தை எடைபோட்டு முடிவெடுக்கிறது என்று கொள்ளாமல், சம்பளமும் அதிகாரமும் சேர்ந்து அந்த முடிவை வடிவமைக்கின்றன என்று நீங்கள் பார்க்கிறீர்கள், அதனால்தான் நேர்காணலில் யாரோடு கதைத்தார்கள் என்று கேட்கிறீர்கள். கேள்விக்கும் முறைக்கும் நடுவில் ஒரே வாக்கியமாக அது நின்றால் கோட்பாடும் இருக்கிறது, இடமும் மிஞ்சுகிறது. அவரோடு இருக்கட்டுமா வேண்டாமா என்று வாதாடாதீர்கள். அந்த வாக்கியத்தை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள், 30 சொல்லுக்குள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.